தனிநபர் கடன்: மீதி 42 தவணையை 72 ஆக நீட்டினால் மாதக் கையிருப்பு என்ன ஆகும்?

#1 வைகைக்கரை

வணக்கம். 15 லட்சம் தனிநபர் கடன், 14% நிலையான வட்டி, 60 மாதம். மாதத் தவணை 34,902. இதுவரை 18 தவணை கட்டியாச்சு, ஒன்றுகூடத் தவறியதில்லை. பாக்கி அசல் 11,53,675 என்று வங்கிச் செயலி காட்டுது.

இப்ப வேறொரு வங்கியிலிருந்து, பாக்கிக் கடனை அங்கே மாத்திக்கிற பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர் பேசுறாங்க. 13% வட்டி, 72 மாதம், தவணை 24,892. மாதம் 10,010 மிச்சம், வட்டியும் ஒரு சதவீதம் குறைவு, யோசிக்க என்ன இருக்குன்னு அந்த விற்பனை ஆள் கேட்கிறார்.

வீட்டு நிலவரம்: எல்லாச் செலவும் போக மாதம் சுமார் 8,000 துண்டு விழுது. கார் கடன் தவணை 11,400, அது இன்னும் 14 மாதத்தில் முடியும்.

மொத்த வட்டி கூடும்னு தெரியும். நான் கேட்பது அது இல்லை. மாதாமாதம் கைக்கு வரும் போகும் காசில் இந்த மாற்றம் என்ன செய்யும், அதை எப்படிச் சரியாகக் கணக்குப் போடுவது?

#2 சிப்_செல்வன்

நண்பரே, தாராளமா எடுங்க. மாதம் 10,010 மிச்சமாகுதுல்ல, துண்டு விழும் 8,000 போக மீதி 2,000ஐ மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடுற சிப்பில் போடுங்க. கார் கடன் முடிஞ்சதும் முழு 10,000மும் சிப்பில் போகட்டும். நீண்ட காலத்துக்கு 12% எதிர்பார்க்கலாம். பணவீக்கம் வேற இருக்கு. 6 வருஷம் கழிச்சுக் கட்டுற 24,892க்கு இன்றைய மதிப்பு ரொம்பக் குறைவு. கடனை நீட்டுறவன்தான் புத்திசாலி.

இன்னொன்னு: 2026 ஜனவரி 1 முதல் முன்கூட்டி அடைப்பதற்குக் கட்டணம் கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி உத்தரவே போட்டாச்சு. பழைய வங்கி கேட்டா சும்மா விடாதீங்க.

#3 தாமரை78

என் வீட்டுக் கடனை 20 வருஷத்திலிருந்து 25 ஆக்கினப்ப வங்கியில் ஒரு கடிதம்தான் கேட்டாங்க, கட்டணமே இல்ல. நீங்களும் பழைய வங்கியிலேயே கேட்டுப் பாருங்களேன் தம்பி. வரிச் சலுகையும் தொடரும்.

#4 பேரேடு

தாமரை அம்மா, உங்களுடையது மாறும் வட்டியிலான வீட்டுக் கடனாக இருக்கும். அங்கே காலத்தை நீட்டுவது வழக்கமான வேலை. இது பிணை இல்லாத, நிலையான வட்டிக் கடன், விதிகள் வேறு. வரிச் சலுகையும் இதற்குப் பொருந்தாது. ஆனால் 'பழைய வங்கியிலேயே கேளுங்கள்' என்ற உங்கள் யோசனைக்குக் கடைசியில் திரும்பி வருவோம், அதில் விஷயம் இருக்கிறது.

செல்வன் சொன்ன ரிசர்வ் வங்கி உத்தரவு உண்மைதான், ஆனால் பாதி. அது மாறும் வட்டிக் கடன்களுக்கு, அதுவும் அந்தத் தேதியிலிருந்து அனுமதிக்கப்பட்ட அல்லது புதுப்பிக்கப்பட்ட கடன்களுக்கு. வைகைக்கரையின் கடன் நிலையான வட்டி. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் கட்டணத்தை வங்கி வாங்கலாம்.

வைகைக்கரை, கணக்குக்கு முன்னால் மூன்று தகவல் வேண்டும். கடனை முன்கூட்டி மூடப் பழைய வங்கி வாங்கும் ஃபோர்குளோஷர் கட்டணம் எத்தனை சதவீதம்? புதிய வங்கியின் பிராசஸிங் கட்டணம் எவ்வளவு? 24,892 என்ற தவணை எந்தக் கடன் தொகைக்குப் போட்டது? 11,53,675க்கு 13%, 72 மாதம் என்றால் தவணை அதைவிடக் குறைவாக வர வேண்டும். ஏதோ உள்ளே சேர்ந்திருக்கிறது.

#5 வைகைக்கரை

பார்த்துட்டேன். ஃபோர்குளோஷர் 4%, அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி. பிராசஸிங் 2%, அதுக்கும் ஜிஎஸ்டி. அனுமதிக் கடிதத்தில் கடன் தொகை 12,40,000ன்னு இருக்கு. நான் கேட்டது 11.54 லட்சம்தான், எதுக்கு ஏத்தினாங்கன்னு இப்பதான் யோசிக்கிறேன்.

#6 பேரேடு

அந்த 86,325 ரூபாய் வித்தியாசத்தில்தான் முழுக் கதையும் இருக்கிறது. எங்கே போகிறது என்று பாருங்கள்.

பாக்கி அசலில் 4% என்றால் 46,147. அதற்கு ஜிஎஸ்டி 8,306. ஆக, பழைய கடனை மூட வேண்டிய தொகை 12,08,128. புதிய வங்கி 12,40,000க்கு 2% பிடிக்கும், 24,800. அதன் ஜிஎஸ்டி 4,464. கையில் விடுவிக்கும் தொகை 12,10,736. பழைய கடனை மூடினால் 2,608 மிச்சம்.

அந்த 2,608ஐ லாபமென்று நினைக்க வேண்டாம். 11,53,675க்கு 14% என்றால் ஒரு நாள் வட்டி சுமார் 442 ரூபாய். கடைசித் தவணை கட்டிய நாளிலிருந்து கடன் மூடப்படும் நாள் வரை இந்த வட்டி ஓடும். 2,608 என்பது 6 நாளுக்குக்கூடக் காணாது.

ஆக, கையிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்காமல் மாற்றுவது போலத் தெரிந்தாலும், சுமார் 84,000 ரூபாய் கட்டணத்தை 72 மாதத் தவணைக்குக் கடனாக வாங்குகிறீர்கள்.

இனி உங்கள் கேள்வி. மாதக் கைக்காசின் மாற்றத்தைக் காண, பழைய கடனையும் புதிய கடனையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள். வித்தியாசத்தை மட்டும் ஒரு வரிசையாக எழுதுங்கள். 1 முதல் 42ஆம் மாதம் வரை பழையது 34,902, புதியது 24,892, கையில் நிற்பது 10,010. 43 முதல் 72 வரை பழைய தவணையே இல்லை, புதியது மட்டும் போகும், ஆகவே கையிலிருந்து 24,892 போகும்.

எக்ஸெல்லில் A பத்தியில் மாதம், B பத்தியில் பழைய தவணை, C பத்தியில் புதியது, D பத்தியில் B-C. முதல் மாதம் 3ஆம் வரியில் தொடங்கினால் 72ஆவது மாதம் 74ஆம் வரியில் முடியும்.

```
=PMT(14%/12,60,-1500000)
=PV(14%/12,42,-34902)
=PMT(13%/12,72,-1240000)
=IRR(D3:D74,0.01)*12
```

இரண்டாவது வரியின் விடை செயலி காட்டும் பாக்கியோடு சில ரூபாய் மாறும், தவணையை முழு ரூபாயாக்கியதால்தான். பெரிதாக மாறினால் பாக்கித் தவணை எண்ணிக்கையைத் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள்.

D பத்தியைக் கூட்டிக்கொண்டே போங்கள். 42ஆம் மாத முடிவில் 4,20,420 உங்கள் பக்கம். இதுதான் உச்சம். அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதமும் 24,892 கரையும். 59ஆம் மாதத்தில் கூட்டுத்தொகை பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. பிறகு 13 மாதம் முழுவதும் கூடுதல் செலவு. 72இல் நிற்கும் தொகை மைனஸ் 3,26,340.

#7 சிப்_செல்வன்

நானும் உங்க ஷீட்டைப் போட்டுப் பார்த்தேன் சார். கடைசி வரிக்கு 19% வருது. 19% ரிட்டர்ன்! இதைத்தானே நானும் சொன்னேன்?

#8 பேரேடு

செல்வன், குறியைக் கவனியுங்கள். வரிசை பிளஸ்ஸில் தொடங்கி மைனஸில் முடிகிறது. முதலில் வாங்கி, பிறகு கட்டுகிறோம். முதலீட்டில் முதலில் போட்டுப் பிறகு எடுப்போம், அதில் ஐஆர்ஆர், அதாவது கடைசி வரி காட்டும் ஆண்டு விகிதம், கூடினால் நல்லது. இங்கே கூடினால் கெட்டது. அந்த 19% வைகைக்கரை கொடுக்கும் வட்டி.

மாதம் 10,010 வீதம் 42 மாதம் ஒருவரிடம் கைமாற்று வாங்கி, பிறகு மாதம் 24,892 வீதம் 30 மாதம் திருப்பிக் கட்டினால் எத்தனை சதவீத வட்டி ஆகுமோ, அதே கணக்குதான் இது. விடை மாதம் 1.58%, ஆண்டுக்கு 19%.

விற்பனை ஆள் 14ஐயும் 13ஐயும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். 13% என்பது 12,40,000 முழுவதற்குமான வட்டி. ஆனால் வைகைக்கரை புதிதாகப் பெறுவது மாதா மாதம் 10,010 மட்டுமே. மற்றதெல்லாம் ஏற்கெனவே வாங்கிச் செலவழித்த கடன். 84,000 ரூபாய்க் கட்டணத்தின் சுமை முழுவதும் இந்தச் சிறு சலுகைத் தொகையின் தலையில் விழுகிறது. அதனால்தான் 13 என்று பேசப்படுவது உண்மையில் 19 ஆகிறது.

இப்போது உங்கள் சிப் யோசனைக்கு வருகிறேன். 19%க்குக் கடன் வாங்கி, 12% எதிர்பார்க்கும், அதுவும் உறுதியில்லாத இடத்தில் போடச் சொல்கிறீர்கள். பணவீக்கம் பற்றிச் சொன்னது தவறல்ல, பிந்திய ரூபாய்க்கு மதிப்புக் குறைவுதான். ஆனால் அது ஆண்டுக்கு 19% வேகத்தில் குறைந்தால்தான் இந்த மாற்றம் சமமாகும்.

#9 சிப்_செல்வன்

குறியைத் தலைகீழாப் படிச்சிட்டேன், ஒத்துக்கிறேன். ஆனா ஒரு சந்தேகம். அவருக்கு 8,000 துண்டு விழுதுன்னா அதை இப்ப எப்படிச் சமாளிக்கிறார்? கிரெடிட் கார்டில் சுத்திட்டிருந்தா மாதம் 3.5% போகும். அதுக்கு ஆண்டுக்கு 19% தேவலைதானே?

#10 பேரேடு

நல்ல கேள்வி. ஐஆர்ஆரை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும். கார்டில் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டி மாதம் 3.5% போகிறது என்றால் ஆண்டுக்கு 42%. அந்த இடத்தில் 19% காப்பாற்றும். அதைவிட மலிவான வழி கைவசம் இருந்தால் 19% வீண். வைகைக்கரை, கார்டில் பாக்கி ஏதும் ஓடுகிறதா?

#11 வைகைக்கரை

கார்டு பாக்கி எதுவும் இல்ல சார். இதுவரை சேமிப்பை உடைச்சுத்தான் ஓட்டினேன், அது அடுத்த மாதத்தோட காலி.

#12 கிளைக்காரர்

வங்கிக் கடன் பிரிவில் வேலை பார்த்தவன். கணக்கைப் பேரேடு சொல்லிவிட்டார். மாற்றும் வாரத்தில் எங்கே அடிபடும் என்று சொல்கிறேன்.

ஃபோர்குளோஷர் கடிதத்தில் ஒரு செல்லுபடித் தேதி இருக்கும். புதிய வங்கியின் பணம் அந்தத் தேதிக்குப் பிறகு போய்ச் சேர்ந்தால் தினவட்டி பாக்கி நிற்கும். 12 லட்சம் போய்ச் சேர்ந்தாலும் 800 ரூபாய் குறைந்தால் கணக்கு மூடப்படாது. அந்த 800 நிலுவையாகி, சில வாரத்தில் உங்கள் கடன் வரலாற்றை வைத்திருக்கும் சிபிலில் தாமத நாட்களாகப் பதியும். வாடிக்கையாளர் கடன் மூடியாச்சு என்று நம்பிக்கொண்டிருப்பார். அடுத்த கடனுக்குப் போகும்போதுதான் தெரியவரும். ஆகவே பணம் போன மறுநாளே பாக்கி பூஜ்யம் என்று எழுத்தில் வாங்குங்கள், தடையில்லாச் சான்றும் கேளுங்கள்.

அடுத்தது தானியங்கிப் பற்று. பழைய தவணை 5ஆம் தேதி என்றால், 3ஆம் தேதி கடனை மூடினாலும் அந்த மாதப் பற்றுக் கோரிக்கை ஏற்கெனவே போயிருக்கும். 34,902 எடுத்துவிடுவார்கள். திரும்பி வரும், ஆனால் சில நாள் ஆகும். மாதம் 8,000 துண்டு விழும் வீட்டில் அந்தச் சில நாள் பெரிய இடி. தவணை பிடித்த இரண்டொரு நாளில் ஃபோர்குளோஷர் கடிதம் வாங்கி, அடுத்த தவணைக்குப் பத்து நாள் முன்னதாகவே மூடிவிடுவது உத்தமம்.

இன்னொன்று, அனுமதிக் கடிதத்தோடு வரும் முக்கிய விவரத் தாளைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன் எல்லாவற்றுக்கும் அதைக் கொடுத்தாக வேண்டும். அதில் ஏபிஆர் என்று ஒரு வரி இருக்கும், கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி. 13% என்று சொன்ன கடனுக்கு அங்கே 13% இருக்காது, கூடுதலாகத்தான் இருக்கும். ஆனால் அதில் பழைய வங்கியின் ஃபோர்குளோஷர் கட்டணம் வராது. அது புதிய வங்கியின் கட்டணமே இல்லையே. அதனால்தான் ஏபிஆரைப் பார்த்தும் பலர் ஏமாறுகிறார்கள்.

அதே தாளில் காப்பீட்டுப் பிரீமியம் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள்.

#13 வைகைக்கரை

இப்பதான் தேடினேன் சார். கடிதத்தில் இல்ல. ஆனா அந்த ஆள் வாட்ஸப்பில் 'லோன் புரொடெக்ட்' 30,000, சேர்த்துக்கிட்டா ஒப்புதல் சீக்கிரம் வரும்னு எழுதியிருக்கார்.

#14 பேரேடு

30,000ஐக் கடனிலேயே ஏற்றினால் தவணை 602 கூடி 25,494 ஆகும். மாதச் சலுகை 9,408ஆகக் குறையும். அதே ஷீட்டில் C பத்தியை மட்டும் மாற்றிப் போட்டால் ஐஆர்ஆர் கிட்டத்தட்ட 22%. மூன்று சதவீதம் ஏறுவதற்கு ஒரே ஒரு 'சரி' போதும். காப்பீடு தேவை என்றால் தனியாக டெர்ம் பாலிசி எடுங்கள். ஒப்புதலுக்கும் அதற்கும் முடிச்சுப் போடுவதை எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் தர மாட்டார்கள்.

இனி தாமரை அம்மாவின் யோசனை. பழைய வங்கியே, அதே 14% வட்டியில், எந்தக் கட்டணமும் இல்லாமல் மீதி 11,53,675ஐ 72 மாதத்துக்கு மாற்றிக் கொடுத்தால் தவணை 23,772. 13% என்று வந்த புதிய வங்கியின் தவணையைவிட 1,120 குறைவு. மாதச் சலுகை 11,130. மொத்தத்தில் கூடுதலாகப் போவது 2,45,700. வட்டி ஒரு சதவீதம் அதிகமாக இருந்தும் எல்லா வகையிலும் இதுதான் மேல்.

இந்த வரிசைக்கு ஐஆர்ஆர் போட்டால் 14% வர வேண்டும். கட்டணம் இல்லாமல் அதே வட்டியில் நீட்டும்போது சலுகைக்கான வட்டியும் அதேதான். உங்கள் ஷீட் சரியா என்று பார்க்க இதையே உரைகல்லாக வைத்துக்கொள்ளுங்கள். 14 வரவில்லை என்றால் எங்கோ ஒரு வரி நழுவியிருக்கிறது.

#15 கிளைக்காரர்

பேரேடு சொல்வதில் ஒரு எச்சரிக்கை சேர்க்க வேண்டும். கட்ட முடியவில்லை, தவணையைக் குறையுங்கள் என்று பழைய வங்கிக்குக் கடிதம் கொடுத்து அவர்கள் அதே கடனின் காலத்தை நீட்டினால், அது ரிசர்வ் வங்கி விதிப்படி ரீஸ்ட்ரக்சர். நிதி நெருக்கடிக்காகச் சலுகை கொடுத்தாலே அப்படித்தான் கணக்கு. ஒழுங்காக ஓடிய கடனும் வாராக்கடன் வகைக்கு இறங்கும், சிபிலிலும் ரீஸ்ட்ரக்சர் என்று ஏறும். அந்தக் குறி இருக்கும் வரை வேறு வங்கியில் கடன் கிடைப்பது கடினம்.

இதற்கு மாறாக, அதே வங்கியில் புதிய கடனுக்கு முறைப்படி விண்ணப்பித்து, வருமானத்தைப் புதிதாக மதிப்பிட்டு, அதிலிருந்து பழையதை மூடினால் அது சாதாரணப் புதுக்கடன். சொந்த வாடிக்கையாளருக்கு ஃபோர்குளோஷர் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் வங்கிகள் உண்டு, பிராசஸிங் கட்டணம் மட்டும் வாங்குவார்கள். 18 தவணை தவறாமல் கட்டியிருக்கிறீர்கள் என்பதுதான் உங்கள் கையில் இருக்கும் ஆயுதம். ஒரு தவணை தவறிய பிறகு போனால் அது போய்விடும். ஆகவே போவதானால் இந்த மாதமே போங்கள், கிளைக்குப் போய் 'புதுக்கடனா, ரீஸ்ட்ரக்சரா' என்று நேராகவே கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

#16 அன்னக்கிளி_ஈரோடு

எல்லாரும் 72 மாதத்தைப் பிடிச்சுக்கிட்டே பேசறீங்க. அண்ணனுக்குத் துண்டு விழறது 8,000, அதுவும் 14 மாசம்தான். அப்புறம் கார் தவணை 11,400 மிச்சமாகுது, மாசம் 3,400 உபரியே வருது. மொத்தத் தேவை 1,12,000 ரூபா. இதுக்குப் போய் 12 லட்சத்தைப் புரட்டிப் போடணுமா? வீட்டுல நகை இருந்தா அடகு வெச்சு ஓட்டலாமே?

#17 பேரேடு

அன்னக்கிளி, கேள்வியின் மையத்தைப் பிடித்துவிட்டீர்கள். பற்றாக்குறை 14 மாதம், வாங்கப்போகும் சலுகை 42 மாதம், அதற்குக் கட்டும் விலை 30 மாதம். அளவே பொருந்தவில்லை.

நகைக்கடன் மாதம் 1% என்று வைத்துப் போடுகிறேன். மாதம் 8,000 வீதம் எடுத்தால் 14ஆம் மாத முடிவில் பாக்கி சுமார் 1,19,600. அதன்பின் உபரி 3,400ஐக் கட்டிக்கொண்டே வந்தால், பெரிய கடன் முடியும் 42ஆம் மாதத்தில் நகைக்கடன் பாக்கி சுமார் 48,800. அடுத்த மாதம் 34,902 விடுதலையாகிறது. இரண்டே மாதத்தில், 44ஆம் மாதத்தில் நகையும் வீட்டுக்கு வந்துவிடும், கடனும் இல்லை. இதற்கு ஆகும் மொத்த வட்டி சுமார் 32,600.

அங்கே 72ஆம் மாதம், 3,26,340. இங்கே 44ஆம் மாதம், 32,600.

#18 கிளைக்காரர்

இரண்டையும் அப்படிப் பக்கத்தில் வைப்பது முழு நியாயமில்லை. அங்கே வாங்குவது 4.2 லட்சம், இங்கே 1.12 லட்சம். நகைக்கடனில் மாதம் 8,000 என்று கச்சிதமாக நிற்கிறது. இடையில் ஒரு மருத்துவச் செலவு வந்தால் நகையே போதாது. பேலன்ஸ் டிரான்ஸ்ஃபரில் மாதம் 2,010 காற்று வாங்க இடமிருக்கிறது, கார் கடன் முடிந்தபின் அது 13,410 ஆகும்.

நடைமுறையிலும் மாதம் 8,000 என்று நகைக்கடன் எடுக்க முடியாது. மூன்று தடவையாகப் பிரித்து, ஐந்து மாதத் தேவைக்கு ஒரு முறை அடகு வைப்பது வழக்கம். முன்கூட்டி எடுப்பதால் வட்டி கொஞ்சம் கூடும். அசலும் வட்டியும் கடைசியில் சேர்த்துக் கட்டும் நகைக்கடன் 12 மாதத்துக்கு மேல் போகாது. புதுப்பிக்க வேண்டுமானால் சேர்ந்த வட்டியை ரொக்கமாகக் கட்ட வேண்டும். அந்த மாதத்துக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்குங்கள். தவறினால் ஏல நோட்டீஸ்.

#19 அன்னக்கிளி_ஈரோடு

அது சரிங்க. ஆனா அந்த 2,010 ரூபா காத்துக்கு 19% குடுக்கறதா இல்லையான்னு அவரே முடிவு பண்ணட்டும். நகைக்கு மேல தேவைன்னு வந்தா அப்பப் போயி பெரிய கடனை மாத்திக்கலாமே. இன்னும் ஆறு தவணை போனா ஃபோர்குளோஷர் சதவீதமும் குறையுமில்ல?

#20 கிளைக்காரர்

பல வங்கிகளில் 24 தவணை தாண்டினால் ஒரு படி குறையும், 36 தாண்டினால் இன்னொரு படி. ஒப்பந்தத்தின் கட்டண அட்டவணையில் இருக்கும். 4% 3% ஆனாலே ஜிஎஸ்டியோடு சேர்த்துப் பதினோராயிரத்துக்கு மேல் மிச்சம், பாக்கி அசலும் குறைந்திருக்கும். ஆனால் காத்திருக்கும் மாதங்களில் ஒரு தவணை தவறினால் யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். அதைத்தான் நான் பயப்படுகிறேன்.

#21 சிப்_செல்வன்

72 இல்லாம 66 மாதம் கேட்டா என்ன? போட்டுப் பார்த்தேன். தவணை 26,396, சலுகை 8,506. அவருடைய 8,000 அடங்கிடுது. கூடுதலாப் போறது 2,76,252தான், 72ஐவிட 50,000 குறைவு. ஆனா ஐஆர்ஆர் 20.5%ன்னு ஏறுது! குறைவாக் கட்டியும் வட்டி எப்படி ஏறும்? இந்தத் தடவை குறியெல்லாம் பார்த்துட்டேன்.

#22 பேரேடு

சரியாகவே போட்டிருக்கிறீர்கள். கட்டணம் 84,000 என்பது மாறவில்லை. சலுகையோ சிறியது, சீக்கிரமே திரும்பிவிடுகிறது. அதே கட்டணம் குறைந்த பணத்தின் மேல், குறைந்த நாளுக்குள் விழுவதால் சதவீதம் ஏறுகிறது. ரூபாயில் குறைவு, சதவீதத்தில் அதிகம்.

இந்த இடத்தில் எதைப் பார்ப்பது என்பதில் எல்லோரும் ஒத்துப்போவதில்லை. கூடுதல் 1,504 ரூபாயைப் பயன்படுத்த உருப்படியான இடம் இல்லாதவருக்கு ரூபாய்க் கணக்குதான் சரி, 66 மாதம் போதும் என்பேன். அதைவிட அதிக வட்டியில் வேறு கடன் ஓடுபவர் 72ஐ எடுத்து அதை அடைப்பது நியாயம்.

72 எடுத்துவிட்டு நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக அடைப்போம் என்று திட்டமிட்டால், புதிய ஒப்பந்தத்தில் பகுதி அடைப்பு எத்தனை மாதத்துக்குப் பிறகு, ஆண்டுக்கு எத்தனை சதவீதம் வரை, என்ன கட்டணத்தில் என்று முதலிலேயே பாருங்கள். முதல் 12 மாதம் அனுமதிக்காத ஒப்பந்தங்கள் நிறைய.

#23 வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. ஷீட்டைப் போட்டுட்டேன், 14% உரைகல் சரியா வந்தது. 13%க்குப் பின்னாடி 19 இருந்ததை நான் பார்க்கவே இல்ல.

வியாழக்கிழமை பழைய வங்கிக் கிளைக்குப் போறேன். புதுக்கடனா மாத்தி ஃபோர்குளோஷர் கட்டணத்தைத் தள்ளுவாங்களான்னு முதல் கேள்வி. இல்லைன்னா வீட்டில் பேசி நகை. 7 பவுன் இருக்கு, ஆனா அது அம்மாவோடது, கேட்கணும்.

ஒரு சந்தேகம் பாக்கி. அதே வங்கி பிராசஸிங் 1% மட்டும் வாங்கிட்டு 14.5% வட்டின்னா?

#24 பேரேடு

கடன் தொகையில் கட்டணத்தைச் சேர்த்து, மூன்றாவது வரியில் வட்டியை 14.5% ஆக்கி, C பத்தியை மாற்றுங்கள். 19க்குக் கீழே வந்தால் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபரைவிட அது மேல். நகைக்கடனோடு ஒப்பிடுவது வேறு கேள்வி, அதை அம்மாவிடம் பேசியபின் போடுவோம். கிளையில் என்ன சொன்னார்கள் என்று தொகைகளோடு இங்கே எழுதுங்கள்.

#25 தாமரை78

அம்மாகிட்ட கேக்கும்போது எந்த மாசம் நகை திரும்பி வரும்னு அந்த ஷீட்டைக் காட்டிக் கேளுங்க தம்பி.